சர்வே எண்ணை வைத்து உங்கள் நிலத்தை இணைய வரைபடத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

கையில் பத்திரம் இருக்கிறது, அதில் ஒரு சர்வே எண்ணும் இருக்கிறது. அந்த எண் தரையில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை தமிழ்நாட்டு வருவாய்த்துறையின் இணைய வரைபடங்களை வைத்து வீட்டிலிருந்தே பெருமளவு பார்த்துவிடலாம். எண்ணைத் தட்டினால் ஏதோ ஒரு படம் வந்துவிடும், அதில் சிரமம் இல்லை. வந்த படம் உங்கள் நிலத்தின் படம்தானா என்று உறுதிசெய்வதில்தான் வேலை இருக்கிறது. இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியது.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த எண்?

118/3B2 போன்ற எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது சர்வே எண் (புல எண்), பின்னால் இருப்பது உட்பிரிவு. 118 என்ற பெரிய புலம் முன்பு 1, 2, 3 என்று பிரிந்திருக்கிறது. பிறகு 3-வது துண்டு 3A, 3B என்றும், 3B மறுபடி 3B1, 3B2 என்றும் உடைந்திருக்கிறது. பழைய பத்திரத்தில் 118/3 என்று இருந்து பட்டாவில் 118/3B2 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், இடையில் பிரித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். வரைபடத்தில் தேட பட்டாவில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மனைப்பிரிவில் வீட்டுமனை வாங்கியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். "மனை எண் 14" என்பது மனை போட்டவர் கொடுத்த எண். அது டிடிசிபி போன்ற அமைப்பின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தில் இருக்கும்; வருவாய்த்துறையின் புலப்படத்தில் இருக்காது. உங்கள் மனைக்குத் தனி உட்பிரிவு ஆகும் வரை, புலப்படத்தில் தாய் நிலத்தின் கோடுகள் மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: தாய் நிலத்தின் வெளி எல்லை எங்கே என்பதைப் புலப்படம் சொல்லும், அதற்குள் 14-ஆம் மனை எங்கே என்பதை மனைப்பிரிவுப் படம் சொல்லும். கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். உங்கள் பங்குக்குத் தனிக் கோடு இன்னும் போடப்பட்டிருக்காது.

ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

eservices.tn.gov.in தளத்துக்குப் போய், பட்டா மற்றும் புலப்படம் பார்க்கும் பகுதியைத் திறந்தால் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கும். எண் சரியாக இருந்தும் நிலம் கிடைக்காமல் போவதற்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

பத்திரம் பழையது என்றால் மாவட்டமே மாறியிருக்கலாம். 2019-இல் செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், தென்காசி, கள்ளக்குறிச்சி ஆகியவை தனி மாவட்டங்களாயின, 2020-இல் மயிலாடுதுறை. பத்திரத்தில் "காஞ்சிபுரம் மாவட்டம்" என்று எழுதிய நிலம் இன்று செங்கல்பட்டின் கீழ் இருக்கலாம். அப்புறம், பட்டியலில் வருபவை வருவாய் கிராமங்கள். நாம் பேச்சில் ஊர் என்று சொல்வது பல நேரங்களில் அதற்குள் அடங்கிய குக்கிராமம், அதன் பெயர் பட்டியலில் வராது. வருவாய் கிராமத்தின் பெயர் பட்டாவின் தலைப்பில் இருக்கும்.

நிலம் நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று கேட்கும். கிராம நத்தமும் தனிப் பதிவுதான். இந்த இரண்டையும் இங்கே விட்டுவிட்டு, சாதாரண கிராமத்து நிலத்தை மட்டும் பார்ப்போம்.

படத்தைப் படிப்பது

கைபேசி எண்ணுக்கு வரும் கடவு எண்ணைக் கொடுத்த பிறகு பட்டாவும் புலப்படமும் திறக்கும். எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்வது இந்தப் புலப்படத்தைத்தான். சர்வே எண்ணின் மொத்தப் படத்தில் உட்பிரிவுகள் உள்ளே கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். படத்துக்கு உள்ளே இருப்பவை உட்பிரிவு எண்கள், எல்லைக்கு வெளியே சுற்றிலும் எழுதியிருப்பவை பக்கத்துப் புலங்களின் எண்கள். இந்த வெளி எண்களைக் குறித்து வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கோடுகளின் மேல் உள்ள எண்கள் நீளங்கள், பெரும்பாலும் மீட்டரில். புலத்துக்குக் குறுக்கே ஓடும் கோடுகள் எல்லை இல்லை. நில அளவர் மூலைகளைக் குறிக்க எடுத்துக்கொண்ட அளவுக்கோடுகள் அவை, ஜி-லைன் என்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் அதையே வேலிக்கோடு என்று நினைத்துவிடுவார்கள். பழைய படங்களில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது 248 என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய 50 மீட்டர். பரப்போடு ஒப்பிட்டால் எந்த அளவு என்பது உடனே பிடிபடும்.

1:1000 என்று போட்டிருந்தால் தாளில் 1 சென்டிமீட்டர் தரையில் 10 மீட்டர். அச்சு எடுக்கும்போது கணினி தாளுக்கேற்ப சுருக்கிவிடும். அதனால் ஸ்கேலை வைத்து அளக்காமல் எழுதியிருக்கும் எண்களையே நம்புங்கள்.

சரிபார்ப்பது: ஒரு கற்பனைக் கணக்கு

பட்டாவில் 118/3B2, பரப்பு 0 - 20.25 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் இருப்பது ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அப்படியானால் 20.25 ஏர் என்பது 2025 சதுர மீட்டர். ஒரு செண்ட் 40.47 சதுர மீட்டர், ஆக இது 50 செண்ட். பத்திரத்திலும் 50 செண்ட். சரி.

பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லை (செக்குபந்தி) இப்படி இருக்கிறது: "வண்டிப்பாதைக்கு தெற்கு, 119 சர்வே நிலத்துக்கு மேற்கு, முருகேசன் பாக நிலத்துக்கு வடக்கு, ஓடைக்கு கிழக்கு." இதை நிதானமாகப் படிக்க வேண்டும். வண்டிப்பாதைக்குத் தெற்கே நம் நிலம் இருக்கிறது என்றால், பாதை நமக்கு வடக்கில். அவசரத்தில் படிப்பவர்கள் "தெற்கு" என்று பார்த்ததும் பாதையைத் தென்புறம் தேடுவார்கள். படம் தலைகீழாகத் தெரியும். ஆக வடக்கே பாதை, கிழக்கே 119, தெற்கே முருகேசன், மேற்கே ஓடை.

இப்போது புலப்படம். திசைக்குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வடக்கு மேலே இருக்கும். 3B2-வுக்குக் கிழக்கே எல்லைக்கு வெளியே 119 என்று இருக்கிறது, பொருந்துகிறது. வடக்கே 117. இது பாதைதானா என்று தெரிய, அதே தளத்தில் அ-பதிவேடு பகுதியில் 117-ஐத் தேடுங்கள். நிலம் யாருடையது, என்ன வகை என்பதெல்லாம் அதில் வரும். "வண்டிப்பாதை" என்று புறம்போக்காக இருந்தால் வடக்கு எல்லையும் சரி. தெற்கே 3C. அ-பதிவேட்டில் முருகேசன் பெயர் இல்லாமல் வேறொருவர் பெயர் இருக்கலாம், அவர் விற்றிருப்பார். 118/3C-க்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பெயர் மாறிய வழி தெரியும்.

மேற்கே மட்டும் இடிக்கிறது. ஓடை வர வேண்டிய இடத்தில் 3B1 என்று ஒரு ஒல்லித் துண்டு. இதைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை, அதற்கும் அ-பதிவேட்டைப் பாருங்கள். 3B1 "ஓடை, புறம்போக்கு" என்று இருந்தால், ஓடையைத் தனி உட்பிரிவாக எடுத்திருக்கிறார்கள். நான்கு எல்லையும் பொருந்திவிட்டது. 3B1 இன்னொருவர் பட்டாவில் இருந்தால்தான் கவலை. நமக்கும் ஓடைக்கும் நடுவில் ஒருவர் எப்படி வந்தார் என்று கேட்காமல் மேலே போகக் கூடாது.

கடைசியாக அளவு. படத்தில் கிழக்குப் பக்கம் 52 மீட்டர், மேற்குப் பக்கம் 48 மீட்டர், இரண்டும் இணையாக ஓடுகின்றன, இடைத்தூரம் 40.5 மீட்டர். சராசரி 50-ஐ 40.5-ஆல் பெருக்கினால் 2025. பத்திரத்தில் "கிழமேலடி 133, தென்வடலடி கிழக்கில் 171, மேற்கில் 157" என்று அடியில் இருக்கும். மீட்டரை 3.28-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எண்கள் வரும். எண், எல்லை, அளவு மூன்றும் ஒத்துப்போனால் படம் உங்கள் நிலத்தினுடையதுதான்.

தரையில் எங்கே?

புலப்படத்தில் வடிவம் கிடைக்கும், ஆனால் அந்த வடிவம் உலகப் படத்தில் எங்கே உட்காருகிறது என்பது அதில் இல்லை. அதற்கு tngis.tn.gov.in தளத்தின் வரைபடப் பார்வைக்குப் போங்கள். அங்கேயும் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று கொடுத்தால், செயற்கைக்கோள் படத்தின் மேல் உங்கள் துண்டைக் காட்டும். ஏதாவது ஒரு இடத்தைத் தொட்டால் அதன் சர்வே எண்ணும் வரும். பக்கத்தில் உள்ள எண்களைத் தொட்டுப் பார்த்து, புலப்படத்தில் குறித்து வைத்த வெளி எண்களோடு ஒப்பிடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. புலப்படங்கள் தனித்தனியாகத் தரையில் அளந்து வரையப்பட்டவை. பிற்காலத்தில் அவற்றை ஒட்டிச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். கோடுகள் சில மீட்டர் நகர்ந்து நிற்பது சகஜம். கோடு உங்கள் வரப்புக்கு உள்ளே தெரிந்தால் பக்கத்துக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடும் முன், பக்கத்திலுள்ள சாலையையும் குளக்கரையையும் பாருங்கள். அவற்றின் கோடுகளும் அதே திசையில் அதே அளவு தள்ளியிருந்தால் படம்தான் நகர்ந்திருக்கிறது. மற்றதெல்லாம் சரியாக இருந்து உங்கள் ஒரு கோடு மட்டும் விலகி நின்றால், விஷயம் தரையில் இருக்கிறது. கைபேசியின் ஜிபிஎஸ் புள்ளியும் சில மீட்டர் ஆடும். எந்த வயல் என்று தெரிந்துகொள்ள அது போதும், எந்த வரப்பு என்று சொல்ல அதனால் முடியாது.

விலகல் உண்மை என்று பட்டால் இணையத்தில் மேலும் தோண்டிப் பயன் இல்லை. நில அளவர் வந்து கல்லைத் தேடி எல்லை காட்டுவதற்கான மனுவுக்கு எஃப்-லைன் மனு என்று பெயர். tamilnilam.tn.gov.in/citizen தளத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். அளவர் வரும் நாளில் பட்டாவின் நகல், புலப்படம், பத்திரம் மூன்றையும் கையில் வைத்திருங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களும் அங்கே இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் இல்லாதபோது நட்ட கல்லை அவர்கள் பிறகு ஏற்க மறுக்கலாம்.