உப்புள்ள வெண்ணெயா, உப்பில்லா வெண்ணெயா? செய்முறையில் உப்பைச் சரிசெய்யும் கணக்கு

பிஸ்கட்டோ கேக்கோ செய்ய உட்காரும்போது செய்முறை “உப்பில்லா வெண்ணெய்” என்று கேட்கும். வீட்டிலோ உப்புள்ள வெண்ணெய்தான் இருக்கும். இந்த இடத்தில் பெரும்பாலானோர் சொல்லும் யோசனை, “செய்முறையில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள்” என்பதுதான். சில நேரம் அது சரியாக அமைந்துவிடுகிறது; பல நேரம் அமைவதில்லை. வெண்ணெயில் எத்தனை கிராம் உப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, செய்முறை கேட்கும் உப்பிலிருந்து அதைக் கழிப்பதே நம்பத்தக்க வழி. அதற்குத் தேவையான எண் வெண்ணெய் உறையின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படித்துக் கணக்கிடும் முறையை ஒரு வெண்ணெய் பிஸ்கட்டை வைத்து இங்கே செய்து பார்க்கலாம்.

முதலில், கையில் இருப்பது எது என்று உறுதிசெய்யுங்கள்

உறையின் முன்பக்கத்தில் உள்ள பெயரை நம்ப வேண்டாம். “ஸ்வீட் கிரீம் பட்டர்” என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது உப்பில்லாதது என்று நினைத்துவிடுவார்கள். புளிக்க வைக்காத பாலாடையிலிருந்து எடுத்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். அதில் உப்பு இருக்கவும் கூடும், இல்லாமலிருக்கவும் கூடும். சேர்மானப் பட்டியலில் “உப்பு” என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதே தெளிவான வழி.

உறையைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்றால் ஒரு சிறிய சோதனை இருக்கிறது. இருபது கிராம் வெண்ணெயை 100 மில்லிலிட்டர் வெந்நீரில் போட்டு, முழுவதும் உருகும் வரை நன்றாகக் கலக்குங்கள். பிறகு அந்தக் கிண்ணத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கொழுப்பு மேலே ஏடுபோல உறைந்து நிற்கும். அதன் ஓரத்தைக் கரண்டியால் மெல்ல விலக்கி, அடியில் உள்ள சற்றே கலங்கிய நீரைச் சுவைத்துப் பாருங்கள். உப்பு கொழுப்பில் கரையாது, நீரில்தான் கரையும் என்பதால், வெண்ணெயில் இருந்த உப்பு பெரும்பாலும் அந்த நீருக்கு வந்திருக்கும். உப்புள்ள வெண்ணெய் என்றால் நாவில் ஐயமின்றித் தெரியும். ஆனால் எவ்வளவு உப்பு என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு உறைதான் வேண்டும்.

சோடியத்தை உப்பாக மாற்றுங்கள்

உறையில் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையில் “சோடியம்” என்ற வரி மில்லிகிராமில் இருக்கும். சோடியம் என்பது உப்பின் ஒரு பகுதி மட்டுமே, அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் எடை கிடைக்கும். சில நாடுகளின் உறைகளில் சோடியத்துக்குப் பதிலாக “உப்பு” என்றே கிராமில் அச்சிட்டிருப்பார்கள். அங்கே பெருக்க வேண்டியதில்லை.

கவனம் தேவைப்படும் இடம் அடுத்ததுதான். அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறும் அளவுக்கா என்பதை அட்டவணையின் தலைப்பில் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை இதில் தவறினேன். உறையில் சோடியம் 90 மில்லிகிராம் என்று இருந்தது. அதை 100 கிராமுக்கான எண் என்று எடுத்துக்கொண்டு, “இவ்வளவு குறைவா, அப்படியானால் உப்பைக் குறைக்கவே வேண்டாம்” என்று முடிவுசெய்தேன். அது 14 கிராம் வெண்ணெய்க்கான, அதாவது ஒரு மேசைக்கரண்டிக்கான எண். பிஸ்கட் அடுப்பிலிருந்து அழகான பொன்னிறத்தில்தான் வந்தது. கடித்தபோது இனிப்புக்கு முன்னால் உப்பு வந்து நின்றது.

சரியான கணக்கு இது:

```
90 ÷ 14 × 100 = 643 மி.கி. சோடியம் (100 கிராம் வெண்ணெயில்)
643 × 2.5 = சுமார் 1,600 மி.கி. = 1.6 கிராம் உப்பு
```

ஆக, அந்த வெண்ணெயில் 100 கிராமுக்கு 1.6 கிராம் உப்பு இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் உப்புள்ள வெண்ணெய் பெரும்பாலும் 100 கிராமுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை உப்பு கொண்டிருக்கும். அதைவிடக் கூடுதலாகச் சேர்த்தவையும் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால்தான் பொதுவான ஒரே விதியை எல்லா வெண்ணெய்க்கும் பொருத்த முடிவதில்லை. நீங்கள் வழக்கமாக வாங்கும் வெண்ணெய்க்கு இந்த எண்ணை ஒருமுறை கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொண்டால், அந்த வெண்ணெயை மாற்றும் வரை மறுபடி கணக்கிட வேண்டியதில்லை.

செய்முறையின் உப்பையும் கிராமுக்குக் கொண்டுவாருங்கள்

செய்முறை உப்பைத் தேக்கரண்டியில் சொல்லும். நைசான தூள் உப்பு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம் இருக்கும். அரைத் தேக்கரண்டி 3 கிராம், கால் தேக்கரண்டி 1.5 கிராம். கல்லுப்பும் செதில் உப்பும் பரல்களுக்கிடையே காற்றிடம் விட்டு நிற்பதால், அதே கரண்டியில் எடை குறைவாகவே இருக்கும்.

உங்கள் உப்பின் எடையை நீங்களே தெரிந்துகொள்ள விரும்பினால், ஒரு கரண்டியை மட்டும் நிறுக்காதீர்கள். சமையலறைத் தராசு ஒன்றிரண்டு கிராம் எடையில் துல்லியமாக இருக்காது. தலைதட்டிய பத்துத் தேக்கரண்டி உப்பைக் கிண்ணத்தில் போட்டு நிறுத்து, வந்த எடையைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கழியுங்கள்

நமது வெண்ணெய் பிஸ்கட்டுக்கு மைதா 250 கிராம், உப்பில்லா வெண்ணெய் 170 கிராம், சர்க்கரை 85 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்வோம். உப்பு 3 கிராம். நம்மிடம் உள்ள உப்புள்ள வெண்ணெயில் 170 கிராம் எடுத்தால், அதனோடு வரும் உப்பு 170 × 1.6 ÷ 100, அதாவது 2.7 கிராம். மூன்றிலிருந்து 2.7 போக மீதி 0.3 கிராம், அது ஒரு சிறு சிட்டிகை. அதைப் போட்டாலும் சரி, விட்டாலும் சரி, வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கழிக்காமல் விட்டிருந்தால் மொத்தம் 5.7 கிராம் உப்பு சேர்ந்திருக்கும். ஏறக்குறைய 500 கிராம் மாவுக் கலவையில் அது ஒரு சதவீதத்துக்கும் மேல். ரொட்டி மாவில் இருக்கும் உப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். ரொட்டிக்கு அது பொருத்தமாக இருக்கிறது. இனிப்பு பிஸ்கட்டுக்கு அது இரு மடங்கு. மாவைப் பச்சையாகச் சுவைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றும் நம்ப வேண்டாம். குளிர்ந்த கொழுப்பு நாக்கில் படிந்து உப்பை மறைக்கும். வேகும்போது ஈரம் வெளியேறுவதால் உப்பு இன்னும் செறிவாகும்.

கழித்தால் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போனால்

“உப்பை விட்டுவிடுங்கள்” என்ற யோசனை தோற்கும் இடம் இது. ஒரு கேக்குக்கு 200 கிராம் வெண்ணெயும் கால் தேக்கரண்டி உப்பும் வேண்டும் என்று இருக்கிறது. தேவை 1.5 கிராம் உப்பு. உப்புள்ள வெண்ணெய் 200 கிராம் கொண்டுவருவது 3.2 கிராம். சேர்க்கும் உப்பை முழுவதும் நிறுத்திய பிறகும் இரு மடங்குக்கு மேல் இருக்கிறது. வெண்ணெயும் சர்க்கரையும் மட்டுமே முக்கியப் பொருளாக இருக்கும் கேக் மேற்பூச்சுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாக வரும்.

இரண்டு வெண்ணெயையும் கலப்பதுதான் இங்கே வழி. தேவையான உப்பை வெண்ணெயின் உப்பு அளவால் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 1.5 ÷ 1.6 × 100 = 94 கிராம். ஆகவே உப்புள்ள வெண்ணெய் 95 கிராமும் உப்பில்லாதது 105 கிராமும் எடுத்துக்கொண்டு, தனியாக உப்பு எதுவும் சேர்க்காமல் செய்தால் சரியாக அமையும். உப்பில்லா வெண்ணெய் கிடைக்கவே கிடைக்காது என்றால் அந்தச் செய்முறையை அன்று விட்டுவிட்டு, உப்பு கூடுதலாகத் தாங்கும் வேறொன்றைச் செய்வதே நல்லது என்பேன். சர்க்கரையைக் கூட்டி உப்பை மறைக்க முயல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு குறைவதில்லை, கேக்கின் பதம்தான் கெடுகிறது.

எதிர்த்திசையில் மாற்றுவது

செய்முறை உப்புள்ள வெண்ணெய் கேட்டு, உங்களிடம் உப்பில்லாதது இருந்தால், அதே எண்ணைக் கூட்ட வேண்டும். செய்முறை எழுதியவர் பயன்படுத்திய வெண்ணெய் எது என்று தெரியாது என்பதால், 100 கிராமுக்கு 1.5 கிராம், அதாவது தூள் உப்பு கால் தேக்கரண்டி என்று தொடங்கலாம். வீட்டில் கடைந்து எடுத்த வெண்ணெய்க்கும், அதில் நீங்கள் உப்பு சேர்த்திராவிட்டால், இதே முறைதான்.

எந்த உப்பைச் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். வெண்ணெயில் ஏற்கெனவே உள்ள உப்பு, அதிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகளில் கரைந்து சீராகப் பரவியிருக்கும். நாம் பிறகு சேர்க்கும் உப்பு கொழுப்பில் கரையாமல் பரலாகவே நிற்கும். கேக் கலவையில் முட்டையும் பாலும் இருப்பதால் அது கரைந்துவிடும். வெண்ணெய் பிஸ்கட்டில் அந்த அளவு ஈரம் கிடையாது. எனவே நைசான தூள் உப்பை மைதாவோடு சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். பரல் உப்பு போட்டால் ஒரு கடி சப்பென்றும் அடுத்த கடி கரிப்பாகவும் இருக்கும்.

வெறுமனே “வெண்ணெய்” என்று மட்டும் எழுதியிருந்தால்

உப்பு வரியைப் பாருங்கள். 200 கிராம் வெண்ணெய் போகும் இனிப்புப் பண்டத்துக்கு அரைத் தேக்கரண்டி உப்பு தனியாகக் கேட்டால், எழுதியவர் பெரும்பாலும் உப்பில்லா வெண்ணெயையே மனத்தில் வைத்திருக்கிறார். உப்பு என்ற வரியே இல்லாவிட்டால் உப்புள்ளது என்று கொள்ளலாம். இது ஊகம்தான், ஐயம் இருந்தால் உப்பில்லா வெண்ணெயை எடுத்துக்கொண்டு உப்பை நீங்களே அளந்து போடுங்கள்.

எனக்கு இனிப்புப் பண்டங்களுக்கு உப்பில்லா வெண்ணெய்தான் விருப்பம், ஏனெனில் குறைவாகப் போட்டதைக் கூட்டலாம், கூடிப்போனதை எடுக்க முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உப்பு வெண்ணெயைக் கெடாமல் காக்கிறது, அது இல்லாத வெண்ணெய் விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கேக் செய்பவர் என்றால், உப்பில்லா வெண்ணெயைச் செய்முறைக்கேற்ற எடையில் துண்டுபோட்டு, காற்றுப் புகாமல் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, செய்வதற்கு முந்தின இரவு எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.