ஐஇஎல்டிஎஸ் தேர்வு நாள் காலை: பாஸ்போர்ட் முதல் ஹெட்போன் வரை

கணினியில் ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கான குறிப்பு இது. பாடம் எதுவும் இதில் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்புவதில் தொடங்கி, லிசனிங்கின் முதல் கேள்வி திரையில் வரும் வரை என்ன செய்வது என்று மட்டும் பார்ப்போம்.

முந்தைய இரவே: பெயர்

பாஸ்போர்ட்டையும் தேர்வு உறுதி மின்னஞ்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வருவது இங்கேதான். மதிப்பெண் பட்டியலில் "எஸ். செல்வி" என்று இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அந்த எஸ் விரிந்து "சுப்பிரமணியன்" என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பழக்கத்தில் தேர்வுக்குப் பதியும்போது இனிஷியலோடு போட்டுவிட்டால் இரண்டும் வேறு பெயர். இன்னும் சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி.

எப்படி இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருப்பதே சரி. வித்தியாசம் தெரிந்தால் அன்றே மையத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள், பதிலை அச்செடுத்து வையுங்கள். தேர்வன்று வாசலில் நின்று அப்பா பெயரின் கதையை விளக்க நேரம் இருக்காது. பதிந்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்களுக்கும் இதே வேலை உண்டு. பாஸ்போர்ட் எண் மாறியிருக்கும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கையில் என்ன

பதிவில் கொடுத்த அதே பாஸ்போர்ட், அசல், காலாவதியாகாதது. நகலும் போனில் எடுத்த படமும் உதவாது. கூடவே லேபிள் கிழித்த ஒளிபுகும் தண்ணீர் பாட்டில் ஒன்று. அவ்வளவுதான் உள்ளே போகும். குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் அங்கேயே தருவார்கள். போன், கைக்கடிகாரம், பர்ஸ், கண்ணாடிக்கூடு எல்லாம் வெளியே. கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மீதி நேரம் திரையின் மேலே தெரியும். நகையும் குறைவாக இருக்கட்டும்.

ஏசி அறையில் மூன்று மணி நேரம் போல உட்கார வேண்டியிருக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையோ, தொப்பி இல்லாத மெல்லிய ஸ்வெட்டரோ நல்லது. பாக்கெட் நிறைய உள்ள உடை வேண்டாம், ஒவ்வொன்றையும் திறந்து காட்டச் சொல்வார்கள்.

பயணமும் வயிறும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு தாம்பரம், மையம் நுங்கம்பாக்கம் பக்கம், வரச்சொன்ன நேரம் காலை 8 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சார ரயில் பயணம் முக்கால் மணி நேரம். ரயிலுக்குக் காத்திருக்க 15 நிமிடம், இறங்கி நடக்க 15 நிமிடம், தவறினால் சமாளிக்க அரை மணி. ஆக, 6.15-க்கு வாசலைத் தாண்ட வேண்டும். ஞாயிறு என்றால் ரயில் குறைவு, அன்றைய அட்டவணையைத் தனியாகப் பாருங்கள். தாமதமாக வந்தால் உள்ளே விடாமல் போகலாம்.

லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றுக்கும் நடுவே இடைவேளை கிடையாது. கழிவறை போகக் கை தூக்கிக் கேட்கலாம், ஆனால் போன நேரம் போனதுதான். அதனால் தினமும் குடிக்கும் அளவு காபி, நாலு இட்லி, வழக்கமான சட்னி. பதற்றத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பதுதான் ரைட்டிங் நடுவே ஓட வைக்கிறது. செக்-இன் வரிசையில் நிற்பதற்கு முன் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுங்கள்.

செக்-இன்

பையையும் அணைத்த போனையும் ஒப்படைப்பீர்கள். போனை அணைத்த பிறகும் அலாரம் அடிக்கும் மாடல்கள் உண்டு, அலாரத்தை முன்பே நீக்குங்கள். பிறகு பாஸ்போர்ட் சோதனை, புகைப்படம், பல மையங்களில் விரல் ரேகை. பாஸ்போர்ட் கடைசி வரை மேசை மேலேயே இருக்க வேண்டும். நடுவில் வெளியே போய் வந்தால் மறுபடி பார்ப்பார்கள்.

இருக்கையில் உட்கார்ந்ததும் திரையில் `Confirm your details` என்று பெயர், பிறந்த நாள், தேர்வர் எண் வரும். அதைப் படித்துவிட்டு அழுத்துங்கள். தவறு இருந்தால் அப்போதே கை தூக்க வேண்டும்.

அடுத்த திரைதான் பலர் அவசரத்தில் கடந்துவிடுவது: `Test sound`. ஹெட்போனைப் போட்டு `Play sound` அழுத்தினால் மாதிரி ஒலி வரும். "கேட்குது" என்று உடனே நகராதீர்கள். இடது காது, வலது காது இரண்டிலும் வருகிறதா? ஹெட்போன் பட்டையைத் தலைக்கு ஏற்றபடி இழுத்து, பஞ்சு காதை முழுக்க மூடுகிறதா பாருங்கள். கம்பியை லேசாக அசைத்தால் கரகர சத்தம் வந்தால் அது பழுது, வேறு கேளுங்கள். ஒலியளவை உங்களுக்குச் சரியாகத் தோன்றுவதைவிட ஒரு படி கூட வையுங்கள். மாதிரியில் பேசுகிறவர் தெளிவாகப் பேசுவார், உள்ளே மெல்லப் பேசுகிறவரும் வரலாம். தேர்வு தொடங்கிய பிறகும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், உங்களுக்காக நிற்காது. எழுத்துகள் சிறிதாகத் தெரிந்தால் `Settings`-இல் பெரிதாக்குவதையும் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

மனசை எங்கே வைப்பது

முதலில் வருவது லிசனிங் என்பதால் காலையில் தயாராக வேண்டியது காது. ரயிலில் 15, 20 நிமிடம் ஆங்கில உரையாடல் ஏதாவது கேளுங்கள், விடை எழுதாமல், சும்மா. புது மாதிரித் தேர்வு வேண்டவே வேண்டாம். அதில் வாங்கும் குறைந்த மதிப்பெண் உள்ளே வந்தும் கூடவே உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் ஓடும் "இன்னைக்கு இந்தத் தலைப்புதான்" செய்திகளும் அதே ரகம்.

இருக்கையில் காத்திருக்கும்போது நெஞ்சு படபடத்தால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்தாறு முறை போதும். விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும்.

ஒலிப்பதிவு தொடங்கும் முன் கேள்விகளைப் படிக்கத் தரும் விநாடிகளில் ஒவ்வொரு காலியிடத்திலும் வருவது எண்ணா, பெயரா, இடமா என்று மட்டும் யோசியுங்கள். பதறும் மனசுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. ஒரு விடை தவறிப் போனால் ஊகித்து எதையாவது தட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறியதைத் தேடி நின்றால் அடுத்த இரண்டும் போய்விடும். தாள் தேர்வில் இருப்பதுபோல் விடையைப் பெயர்த்தெழுதப் பத்து நிமிடம் கணினியில் கிடையாது. சரிபார்க்க இரண்டு நிமிடம்தான், ஆகவே கேட்கும்போதே தட்டச்சு செய்ய வேண்டும்.

ரைட்டிங்கில் பக்கத்து விசைப்பலகைகளின் டக்டக் சத்தம் தொந்தரவு செய்யும். ஹெட்போனைத் தொடர்ந்து போட்டுக்கொள்ளலாமா என்று கண்காணிப்பாளரைக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: கல்யாண வீட்டு மருதாணி விரல் நுனியில் இருந்தால் ரேகை பதியச் சிரமப்படலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வறண்ட விரலும் ஈரமான விரலும் கூட அப்படித்தான். நுனியை விட்டுவிட்டு உள்ளங்கையில் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் கையைத் துடைத்துவிட்டுப் போங்கள்.

பின்சேர்க்கை 2: ஸ்பீக்கிங் அன்றே மதியம் இருந்தால் பாஸ்போர்ட்டைப் பைக்குள் ஆழமாகத் திணிக்காதீர்கள், அங்கேயும் காட்ட வேண்டும். தேர்வாளர் முதலில் பெயர் கேட்டு அடையாளத்தைப் பார்ப்பதற்கு மதிப்பெண் இல்லை. குரல் நடுங்கினால் அங்கேயே நடுங்கி முடித்துக்கொள்ளலாம்.