துறைமுகக் குறியீட்டில் முதலில் நாட்டைப் பாருங்கள்

சரக்கு ஆவணத்தில் ஐந்தெழுத்து இடக் குறியீட்டைச் சரிபார்க்கும்போது, முதல் இரண்டு எழுத்தை மட்டும் தனியாக எடுத்து முகவரியிலுள்ள நாட்டோடு ஒப்பிடுங்கள். அவை ஐ.எஸ்.ஓ. நாட்டுக் குறியீடு; அடுத்த மூன்றுதான் ஊர். அந்த மூன்றும் ஒரு நாட்டுக்குள் மட்டுமே தனித்துவமானவை. GBBHM இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், USBHM அலபாமாவின் பர்மிங்ஹாம். ஊர்ப்பெயரும் கடைசி மூன்றெழுத்தும் ஒன்றேதான், அதனால் கண் எளிதில் ஏமாந்துவிடும்.

ஒரே நாட்டில் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் இது உதவாது. USPDX ஓரிகனின் போர்ட்லண்ட், USPWM மெய்னின் போர்ட்லண்ட். அங்கே மாநிலத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அப்புறம், விமானச் சரக்கு ரசீதில் வரும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டின் முன்னால் நாட்டெழுத்தை நீங்களாக ஒட்டாதீர்கள்: இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் விமான நிலையத்துக்கு அது BHX, BHM அல்ல.