ஐந்தாம் தேதி மூன்று ஆட்டோபே, கணக்கில் போதாத பணம்

கணக்கில் 14,200 ரூபாய் இருக்கிறது. ஐந்தாம் தேதி மூன்று ஆட்டோபே வரவேண்டும்: தனிநபர் கடன் இ.எம்.ஐ. 11,850, எஸ்.ஐ.பி. 3,000, இன்சூரன்ஸ் பிரீமியம் 2,460. மொத்தம் 17,310. அதாவது 3,110 குறைகிறது. “சரி, இ.எம்.ஐ. தானே முக்கியம், அதை வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும்” என்று நினைப்பதுதான் முதல் தவறு.

வங்கிக்கு அப்படி ஒரு முக்கியத்துவ வரிசை தெரியாது. கடன் கொடுத்தவர், மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரும் தங்கள் வங்கி மூலமாக, வேறு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க உதவும் ‘நாச்’ முறையில், பிடித்தம் கேட்டுக் கோப்பு அனுப்புகிறார்கள். உங்கள் வங்கிக்கு எந்தக் கோப்பு முதலில் வந்து கணக்கில் ஏறுகிறதோ அதற்குப் பணம் போகும். போன மாதம் இ.எம்.ஐ. முதலில் போனது என்பதற்காக இந்த மாதமும் அப்படியே போகும் என்றில்லை. கடன் கொடுத்ததும் உங்கள் கணக்கு இருப்பதும் ஒரே வங்கி என்றால் மட்டும் கதை வேறு. அங்கே நாச் தேவையில்லை, தன் சிஸ்டத்திலேயே எடுத்துக்கொள்ளும். பணம் வரும்வரை காத்திருந்தும் பிடிக்கும்.

இன்னொன்று, பாதிப் பணம் எடுப்பது நாச்சில் கிடையாது. நம் கணக்கில் இ.எம்.ஐ. முதலில் வந்தால் மிச்சம் 2,350. பிரீமியத்துக்கு 110 ரூபாய்தான் குறைவு, ஆனாலும் அது திரும்பிவிடும். எஸ்.ஐ.பி.யும் திரும்பும். இரண்டு பவுன்ஸ். மாறாகச் சின்னவை இரண்டும் முந்திக்கொண்டால் 8,740 மிஞ்சும், இ.எம்.ஐ. திரும்பும். ஒரே பவுன்ஸ்தான், ஆனால் மோசமானது இதுதான்.

ஏன் என்றால், ஒவ்வொரு பவுன்ஸுக்கும் உங்கள் வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும். 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 590. இ.எம்.ஐ. என்றால் கடன் கொடுத்தவரும் தன் பங்குக்கு ஒரு பவுன்ஸ் கட்டணம் போடுவார், தாமதத்துக்கு அபராதமும் வரும், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறலாம். எஸ்.ஐ.பி. தவறினால் ஃபண்ட் நிறுவனம் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை, அந்த மாத முதலீடு நடக்காது, அவ்வளவுதான். மாதப் பிரீமியத்துக்குப் பொதுவாக 15 நாள் சலுகைக் காலம் உண்டு.

உண்மையான அடி அப்புறம்தான் விழுகிறது. இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆனது, பத்தாம் தேதி மறுபடி அனுப்புகிறார்கள். கணக்கில் 8,740 இருக்கிறதே என்று, குறைந்த 3,110-ஐ மட்டும் போடுகிறீர்கள். சரியாக 11,850 வருகிறது. ஆனால் அதற்குள் வங்கி தன் 590-ஐ எடுத்திருக்கும். இருப்பு 11,260. மறுபடியும் பவுன்ஸ், மறுபடியும் 590. கடன் கொடுத்தவரின் கட்டணம் 500 என்றால் இரண்டு முறைக்கும் சேர்த்து 2,180 ரூபாய் போச்சு. கணக்கில் பணமே இல்லாதபோது வங்கி அந்தக் கட்டணத்தை நிலுவையாக வைத்திருந்து, நீங்கள் பணம் போட்டதும் முதலில் அதைத்தான் எடுக்கும். அதனால் பவுன்ஸுக்குப் பிறகு பணம் போடும்போது கட்டணத்தையும் கூட்டிப் போடுங்கள். ஸ்டேட்மென்ட்டில் அது இரண்டொரு நாள் கழித்துக்கூடத் தெரியலாம்.

அதற்குப் பதில் கடன் நிறுவனத்தின் ஆப்பில் நேரடியாகக் கட்டிவிடலாமே என்றால், கட்டலாம். ஆனால் மறுபடி அனுப்பும் கோப்பு ஏற்கெனவே கிளம்பிவிட்டதா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு முறை போய்விடும், திரும்ப வர நாளாகும்.

“ஐந்தாம் தேதி ஞாயிறு, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம்” என்று இருப்பவர்களும் உண்டு. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் எல்லா நாளும் ஓடுகிறது, ஞாயிறும் விடுமுறையும் உட்பட. காலையிலேயே பிடித்தம் நடந்துவிடலாம் என்பதால் அன்றைக்குச் சாயங்காலம் போடும் பணமும் உதவாமல் போகும். முந்தைய நாளே கணக்கில் இருக்க வேண்டும்.

பணம் பற்றாது என்று நான்கைந்து நாள் முன்பே தெரிந்தால், எதைத் தவறவிடுவது என்று நீங்களே முடிவு செய்துவிடலாம். நான் என்றால் எஸ்.ஐ.பி.யைத்தான் நிறுத்துவேன். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் ஆப்பில் மேண்டேட் பகுதிக்குப் போய் அதை நிறுத்தி வைக்க முடியும். நாச் என்றால் ஃபண்ட் நிறுவனத்திடம் சில நாள் முன்பே சொல்ல வேண்டும், முந்தின இரவு சொன்னால் கோப்பு போயிருக்கும். நம் உதாரணத்தில் எஸ்.ஐ.பி.யை எடுத்துவிட்டால் தேவை 14,310. இன்னும் 110 ரூபாய் போட்டால் இ.எம்.ஐ.யும் பிரீமியமும் எந்த வரிசையில் வந்தாலும் போய்விடும். அப்புறம் எஸ்.ஐ.பி. தேதியைப் பன்னிரண்டுக்கோ பதினைந்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள், இ.எம்.ஐ. தேதியை மாற்றுவதைவிட அது எளிது.