தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள் ஒப்பந்தம்: கெடு முடியும் முன் எழுத்தில் நிறுத்தச் சொல்வது எப்படி?

ஆண்டுச் சந்தா என்றால் 12 மாதம் முடிந்ததும் தானாக நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிறுவனங்களுக்கு விற்கப்படும் மென்பொருள்களில் பெரும்பாலும் நிலைமை நேர் எதிர். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஒப்பந்தம் இன்னொரு 12 மாதத்துக்குத் தொடரும். நிறுத்த வேண்டுமானால், காலம் முடிவதற்கு 30, 60 அல்லது 90 நாட்களுக்கு முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அடுத்த ஆண்டு முழுவதற்கும் பணம் கேட்க விற்பனையாளருக்கு உரிமை வந்துவிடும். தனிநபர் நுகர்வோரைக் காக்கப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு அது பொதுவாகக் கைகொடுக்காது.

முதல் முறையாக இந்த வேலையைச் செய்பவருக்காக, ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்ப்போம். 40 பேர் பயன்படுத்தும் ஒரு கணக்கு மென்பொருள். 2025 பிப்ரவரி 27 அன்று இரு தரப்பும் கையெழுத்திட்டு முடித்தன. சேவை தொடங்கியது மார்ச் 15. காலம் 12 மாதம். நிறுத்த 60 நாள் முன்னறிவிப்பு தேவை.

படி 1: எல்லாத் தாள்களையும் எடுத்து வையுங்கள்

ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே ஆவணமாக இருக்காது. விலை, பயனர் எண்ணிக்கை, தேதி ஆகியவை ஆர்டர் படிவத்தில் இருக்கும். பொதுவான விதிகள் முதன்மை ஒப்பந்தத்தில் இருக்கும். சில நேரம் அந்த முதன்மை ஒப்பந்தம் விற்பனையாளரின் இணையதளத்தில் ஒரு பக்கமாக மட்டும் இருக்கும். அப்படியானால் அந்தப் பக்கத்தை இன்றே பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள், அது எப்போது வேண்டுமானாலும் மாறலாம். இடையில் கூடுதல் பயனர்களையோ ஒரு கூடுதல் வசதியையோ வாங்கியிருந்தால் அதற்குத் தனி ஆர்டர் படிவம் இருக்கும். சில சமயம் அதற்கென்று தனி முடிவுத் தேதியும் இருக்கும்.

எல்லாவற்றையும் திறந்து, தேடல் பெட்டியில் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து பாருங்கள்:

```
renew
term
notice
```

முதல் இரண்டு சொற்களும் காலம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, புதுப்பிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் காட்டும். மூன்றாவது சொல்தான் பலரும் தவறவிடுவது. முன்னறிவிப்பை யாருக்கு, எந்த வழியில் அனுப்ப வேண்டும், அது எந்த நாளில் சேர்ந்ததாகக் கருதப்படும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், புதுப்பிப்பு விதியிலிருந்து வெகுதூரம் தள்ளி எழுதப்பட்டிருக்கும்.

ஆர்டர் படிவத்தில் 30 நாள், முதன்மை ஒப்பந்தத்தில் 60 நாள் என்று முரண்பட்டால், எது மேலோங்கும் என்று சொல்லும் விதி ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஆர்டர் படிவமே மேலோங்கும் என்றாலும் அந்த விதியைக் கண்ணால் பார்க்காமல் நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் நீண்ட முன்னறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கெடுவைக் கணக்கிடுங்கள்

இந்தப் படிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

நம் மாதிரியில் சேவை மார்ச் 15 அன்று தொடங்கியதால், காலம் 2026 மார்ச் 14 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 60 நாள் பின்னோக்கிப் போக வேண்டும். மார்ச்சில் 14 நாள், பிப்ரவரியில் 28 நாள், ஆக 42. மீதி 18 நாளை ஜனவரி 31-இலிருந்து கழித்தால் ஜனவரி 13. விரிதாளில் முடிவுத் தேதி B2 கட்டத்தில் இருந்தால் இந்தக் கணக்கு ஒரு வரிதான்:

```
=B2-60
```

ஒப்பந்தம் "இரண்டு மாதம்" என்று சொன்னால் விடை ஜனவரி 14 ஆகிவிடும். 60 நாளும் இரண்டு மாதமும் ஒன்றல்ல, ஆகவே ஒப்பந்தத்தில் உள்ள அளவையே பயன்படுத்துங்கள்.

இப்போது ஒப்பந்தத்தை இன்னொரு முறை படியுங்கள். காலம் சேவை தொடங்கிய நாளிலிருந்தா, கடைசிக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்தா? இரண்டாவது என்றால் நம் மாதிரியில் காலம் 2026 பிப்ரவரி 26 அன்றே முடிகிறது. அதிலிருந்து 60 நாள் பின்னோக்கினால் 2025 டிசம்பர் 28. அலுவலகத்தில் யாருமே இல்லாத ஆண்டுக் கடைசி வாரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

இதோடு முடியவில்லை. பல ஒப்பந்தங்களில் அறிவிப்பு அனுப்பிய நாள் கணக்கில் வராது, சேர்ந்த நாள்தான் கணக்கு. மின்னஞ்சல் அடுத்த வேலை நாளில் சேர்ந்ததாகக் கருதப்படும் என்று ஒரு விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை அனுப்பிய மின்னஞ்சல் 29, திங்கட்கிழமைதான் சேர்ந்ததாகும். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பியும் ஒரு நாள் தாமதம். கூரியர் என்றால் இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு தேதிகளில் எது சரி என்று வாதாடி வெல்வதில் பயனில்லை. முந்தைய தேதியை எடுத்துக்கொண்டு, அதற்கும் மூன்று, நான்கு வாரம் முன்னதாக ஒரு நாளைக் குறியுங்கள். நம் மாதிரிக்கு நான் 2025 டிசம்பர் 1-ஐத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: சில ஒப்பந்தங்களில் முன்னறிவிப்பு மிகவும் முன்கூட்டியும் வரக்கூடாது. 120 நாளுக்கு உள்ளேயும் 60 நாளுக்கு முன்பும் என்று இரண்டு எல்லைகள் வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் இரண்டு தேதிக் கணக்குப்படியும் அந்த எல்லைக்குள் விழும் ஒரு நாளைத் தேடுங்கள்.

குறித்த நாளை ஒருவரின் நாள்காட்டியில் மட்டும் போடாதீர்கள். அவர் வேலை மாறினால் நினைவூட்டலும் அவரோடு போய்விடும். கணக்குப் பிரிவின் பொது நாள்காட்டியில் போடுங்கள்.

படி 3: முடிவை நினைவூட்டலுக்கு முன்பே எடுங்கள்

40 பேரில் எத்தனை பேர் கடந்த மூன்று மாதத்தில் உள்நுழைந்தார்கள் என்று நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள். 25 பேர்தான் என்றால் மென்பொருளையே விட வேண்டியதில்லை, எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். ஆனால் குறைப்பதற்கும் பெரும்பாலும் அதே கெடுதான். கெடு கடந்தபின் 40 பேருக்கும் சேர்த்தே புதுப்பிக்கப்படும்.

பேரம் பேச நேரம் வேண்டும் என்பதற்காக முதலில் நிறுத்தல் அறிவிப்பை அனுப்பிவிட்டுப் பேசுவது நல்ல வழிதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: புதுப்பிக்கும்போது விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் உயராது என்ற பாதுகாப்பு உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், நிறுத்தியபின் புதிதாக வாங்கும்போது அது கிடைக்காமல் போகலாம். அந்த விதியைப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

படி 4: அறிவிப்பை எழுதுங்கள்

கடிதம் சிறியதாக இருக்கட்டும். காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சொன்னால் அதைத் தீர்த்துவைக்கிறோம் என்று பேச்சு நீளும். "நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம்", "விலை குறையாவிட்டால் தொடர மாட்டோம்" போன்ற வாக்கியங்கள் முன்னறிவிப்பு ஆகாது. ஒப்பந்தத்தில் உள்ள மொழியிலேயே எழுதி அனுப்புங்கள். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

> பொருள்: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமைக்கான அறிவிப்பு – ஆர்டர் படிவ எண் ____
>
> நம் இரு நிறுவனங்களுக்கு இடையே ____ தேதியிட்ட முதன்மை ஒப்பந்தத்தின் பிரிவு ____ கீழ் இந்த அறிவிப்பைத் தருகிறோம். மேற்கண்ட ஆர்டர் படிவத்தையும், அதன்கீழ் வாங்கிய எல்லாக் கூடுதல் பயனர் உரிமங்களையும் வசதிகளையும் நாங்கள் புதுப்பிக்கவில்லை.
>
> எங்கள் கணக்குப்படி நடப்புக் காலம் 2026 மார்ச் 14 அன்று முடிகிறது. முடிவுத் தேதி வேறாக இருந்தாலும், இந்த அறிவிப்பு நடப்புக் காலத்தின் முடிவுக்கே பொருந்தும்.
>
> காலம் முடிந்தபின் எந்தத் தொகையையும் பிடிக்க நாங்கள் அனுமதி தரவில்லை. இது கிடைத்ததையும் முடிவுத் தேதியையும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது பத்தியின் கடைசி வாக்கியம் முக்கியம். நீங்கள் எழுதிய தேதி தவறு என்று பின்னால் அவர்கள் சொன்னாலும் அறிவிப்பு செல்லாமல் போகாது. நிறுவனத்தின் பெயரை ஒப்பந்தத்தில் உள்ளபடியே எழுதுங்கள், மென்பொருளின் வணிகப் பெயரை அல்ல. கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும்.

படி 5: சரியான இடத்துக்கு அனுப்புங்கள்

உங்களோடு தினமும் பேசும் விற்பனைப் பிரதிநிதி ஒப்பந்தத்தில் சொன்ன முகவரி அல்ல. அவரிடம் தொலைபேசியில் சொன்னதும், உதவி மையத்தில் டிக்கெட் போட்டதும் பெரும்பாலும் கணக்கில் வராது. அவர் "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் அவர் அங்கே வேலையில் இல்லாமல் போகலாம். முன்னறிவிப்பு விதியில் விற்பனையாளரின் சட்டத் துறை மின்னஞ்சலும் அஞ்சல் முகவரியும் இருந்தால் இரண்டுக்கும் அனுப்புங்கள். பிரதிநிதிக்கு ஒரு நகல் போகட்டும்.

நிர்வாகப் பக்கத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை அணைக்கும் பொத்தான் இருந்தால் அதையும் அணைத்து, திரையைப் படமெடுத்து வையுங்கள். கடிதத்துக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள், ஒப்பந்தமே அந்தப் பொத்தான் போதும் என்று சொன்னால் தவிர.

கடன் அட்டையை முடக்குவது நிறுத்தல் ஆகாது. பணம் பிடிக்கப்படாது, பாக்கி மட்டும் நிற்கும்.

படி 6: ஒப்புகை வரும்வரை விடாதீர்கள்

ஐந்து வேலை நாளில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சல் தொடரில் மறுபடி கேளுங்கள். பதில் வந்தால் கவனமாகப் படியுங்கள். "உங்கள் வேண்டுகோளைப் பெற்றோம், எங்கள் குழு தொடர்புகொள்ளும்" என்பது பெற்றதற்கான சான்று மட்டும். முடிவுத் தேதியை அவர்கள் எழுதித் தரும்வரை வேலை முடியவில்லை. மின்னஞ்சல், கூரியர் ரசீது, ஒப்புகை மூன்றையும் ஒப்பந்தத்தோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். புதுப்பிப்பு விலைப்பட்டியல் தானாக வந்துவிட்டால், பேசாமல் விடாமல் அறிவிப்பை இணைத்து எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

தரவை முடிவுத் தேதிக்கு முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். காலம் முடிந்தபின் 30 நாள் அவகாசம் தரும் ஒப்பந்தங்களும் உண்டு, ஒன்றும் தராதவையும் உண்டு. இறக்கிய கோப்பைத் திறந்து, இணைப்புகளும் பழைய ஆண்டுகளின் பதிவுகளும் அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கெடு ஏற்கெனவே கடந்துவிட்டதா?

அப்போதும் அறிவிப்பை இன்றே அனுப்புங்கள். இந்த ஆண்டுக்குப் பயன்படாவிட்டாலும் அடுத்த காலத்துக்குச் செல்லும்படி எழுதலாம். பிறகு ஒப்பந்தத்தில் விற்பனையாளரின் கடமைகளைத் தேடுங்கள். விலையை உயர்த்தும் முன் இத்தனை நாள் முன்பே தெரிவிப்போம், புதுப்பிப்புக்கு முன் நினைவூட்டுவோம் என்று எழுதியிருந்து, அவர்கள் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் உங்கள் கை ஓங்கும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஆண்டு முழுவதையும் ரத்து செய்யக் கேட்பதைவிட, ஆறு மாதமாகக் குறைக்கவோ 40 பேரை 25 ஆக்கவோ கேளுங்கள். அதற்குச் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தொகை பெரிதென்றால் பதில் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.