ஒரே கௌரி, இரண்டு முகவரி: தமிழ் இணைய முகவரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் டிடிபி, விசிட்டிங் கார்டு, சின்னச் சின்ன இணையதளம் என்று எல்லாம் செய்து தருகிற கடை என்னுடையது. பவானியில் ஜமுக்காளம் விற்கும் ஒரு வாடிக்கையாளர், தமிழிலேயே இணைய முகவரி வேண்டும் என்று வாங்கினார். கடைப் பெயரை மாற்றி, 'கௌரி' என்று வைத்துக்கொள்வோம். தளம் நன்றாக ஓடியது. கார்டும் அடித்தாயிற்று. கார்டின் பிடிஎஃப்பை அவர் வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்ப, அதிலிருந்த முகவரியை அழுத்தியவர்களுக்கெல்லாம் "இந்தத் தளத்தை அடைய முடியவில்லை" என்றே வந்தது.

"ஏனுங் தம்பி, எழுத்தெல்லாம் சரியாத்தானுங்களே இருக்குது?" என்றார். நானும் பத்து தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கண்ணை நம்பியதுதான் முதல் தவறு.

கார்டின் வாசகம் ஒரு பழைய பாமினி எழுத்துரு கோப்பிலிருந்து வந்தது. அந்தக் காலத்துத் தட்டச்சுப் பழக்கத்தில் 'கௌ' என்று அடிக்க, முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, கடைசியில் ள. ஔகாரத்தின் வால் குறிக்கென்று தனி விசை இல்லை, ள விசையே இரண்டு வேலையும் பார்த்தது. தாளில் அச்சானால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதை யூனிகோடுக்கு மாற்றியபோது, மாற்றி மென்பொருள் அந்த ளகரத்தை ளகரமாகவே கொண்டுவந்துவிட்டது. ஆக என் கார்டில் இருந்தது கௌரி இல்லை, 'கெ, ள, ரி'. கணினிக்கு இவை இரண்டும் இப்படித் தெரிகின்றன:

```
கௌரி    U+0B95 U+0BCC U+0BB0 U+0BBF
         xn--clc8c1b9b
கெளரி   U+0B95 U+0BC6 U+0BB3 U+0BB0 U+0BBF
         xn--clc8ci3c6a
```

ஒன்றில் நான்கு குறியீடு, மற்றதில் ஐந்து. இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் நம் எழுத்து நேரடியாகப் போவதில்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த, xn-- என்று தொடங்கும் வடிவமாக மாறித்தான் போகிறது. அந்த வடிவத்தைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு மனைகள் என்று பளிச்சென்று தெரியும். எங்கள் விஷயத்தில் இரண்டாவது மனை காலியாக இருந்தது, அதனால் பிழைத்தோம். வேறொருவர் அதை வாங்கி, அதே ஜமுக்காளப் படங்களைப் போட்டு, தன் யுபிஐ கியூஆரை ஒட்டியிருந்தால், பணம் அவருக்குத்தான் போயிருக்கும்.

"போலி முகவரியா? அதைத்தான் பிரவுசரே காட்டிக்கொடுத்துவிடுமே" என்று நினைப்பது அடுத்த தவறு. காட்டிக்கொடுக்கும், ஆனால் எதை என்று தெரிந்திருக்க வேண்டும். ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக்கில் ஒரு எழுத்து, ஆங்கிலத்தின் சின்ன a போலவே இருக்கும். ஆங்கில முகவரியின் நடுவே அதை ஒன்று செருகினால், இன்றைய குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இரண்டு எழுத்து முறை கலந்திருப்பதைக் கண்டு, முகவரியை xn-- வடிவத்திலேயே காட்டிவிடும். 2017-இல் ஓர் ஆய்வாளர் இந்தக் காவலையும் தாண்டிக் காட்டினார். எந்தக் கலப்பும் இல்லாமல், முழுக்க சிரிலிக் எழுத்துகளாலேயே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலத் தோன்றும் ஒன்றைப் பதிவு செய்தார். அதன் உண்மை வடிவம் `xn--80ak6aa92e.com`. குரோம் அதற்கும் ஒரு தடுப்பு வைத்தது.

நமக்குப் பக்கத்து உதாரணம் மலையாளம். வாளையாறு தாண்டினால் பஸ் போர்டில் பார்க்கலாம், அவர்களுடைய ழ, ண, உ எல்லாம் நம்முடையவற்றின் ஒட்டிப் பிறந்த தம்பிகள் மாதிரி இருக்கும். தமிழ் முகவரியில் மலையாள ழகரம் ஒன்றைச் செருகினாலும் கலப்பு என்று பிரவுசர் பிடித்துவிடும். ஆனால் 'கெ, ள, ரி' என்பதில் கலப்பே கிடையாது. எல்லாமே தமிழ் எழுத்து, எல்லாமே முறையான எழுத்து. ள என்பது எந்தச் சொல்லிலும் கெ-க்குப் பக்கத்தில் வரக்கூடியதுதான். அதனால் பிரவுசருக்குச் சந்தேகம் வரக் காரணமே இல்லை, தமிழிலேயே அழகாகக் காட்டும். ஆங்கிலத்துக்கு வேற்று எழுத்திலிருந்து வரும் ஆபத்து, தமிழுக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஔ-வும் அப்படித்தான்: ஔவையை 'ஒ, ள, வை' என்று அடித்தவர்கள் நம்மில் பாதிப்பேர். பழைய தமிழ் எண்களில் ௧ ககரம் மாதிரி, ௨ உகரம் மாதிரி, ௭ எகரம் மாதிரி. அப்புறம் காலும் ரகரமும். ர், ரி என்று வரும்போது ரகரத்தின் கீழ்வாலை விட்டுவிடும் எழுத்துருக்கள் உண்டு. அவற்றில் கரூர் என்பதன் கடைசி எழுத்தைக் காலுக்கு மேல் புள்ளி வைத்துக் 'கரூா்' என்று அடித்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். செய்தித் தளங்களில் இப்படி எழுதியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்த மாதிரி ஜோடிகளை, முகவரிகளைப் பதிந்து தரும் பதிவகமே தடுக்காதா? தடுக்கலாம். ஆனால் ஒரு பதிவகத்தின் விதி அதன் சொந்த முடிவொட்டுக்குத்தான். `.இந்தியா`வில் ஒரு விதி இருந்தால் `.com`-ஐ அது கட்டுப்படுத்தாது. முகவரியில் இடப்பக்கம் சேர்க்கும் துணைப் பெயரையோ யாரும் சரிபார்ப்பதில்லை. டொமைனுக்குச் சொந்தக்காரர் அங்கே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நிம்மதியாவதும் தவறுதான். போகிற வழியில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்பதைத்தான் பூட்டு சொல்கிறது. இரண்டாவது கௌரிக்கும் அதே பூட்டு, இலவசமாகவே கிடைக்கும்.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது? நான் இப்போது செய்வது இதுதான். சந்தேகமான பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, 'கௌ' மாதிரித் தெரிவதற்குப் பின்னால் கர்சரை வைத்து, பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை தட்டுவேன். வெறும் 'க' மிஞ்சினால் அது சரியான ஔகாரம். 'கெ' மிஞ்சினால் அங்கே இருந்தது ள. கண்ணுக்குத் தெரியாதது இந்த ஒரு தட்டில் தெரிந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் `about:config` பக்கத்தில் `network.IDN_show_punycode` என்பதை `true` ஆக்கினால், எல்லாத் தமிழ் முகவரியும் xn-- வடிவத்திலேயே தெரியும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அடிக்கடி போகும் தளத்தின் அந்த வடிவத்தை ஒருமுறை குறித்துவைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முகவரி வாங்குகிறவர்கள் செய்யும் தவறு வேறு. ஔகாரம் வரும் பெயரில் ஒரே ஒரு வடிவத்தை வாங்கிவிட்டு விடுகிறார்கள். வாடிக்கையாளர் எந்த விசைப்பலகையில் எப்படி அடிப்பார் என்பது நம் கையில் இல்லை. இரண்டாவது வடிவத்தையும் வாங்கி முதலாவதுக்குத் திருப்பிவிடுவதுதான் வழி. கார்டில் அச்சடிக்கும் முன், அந்தக் கோப்பிலிருந்தே முகவரியை நகலெடுத்துத் திறந்து பார்க்கவும் வேண்டும். நான் அன்றைக்குச் செய்யாதது அதைத்தான்.

பவானிக்காரரிடம் இதையெல்லாம் பேக்ஸ்பேஸ் தட்டிக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அப்ப ஒரே பேருக்கு ரெண்டு தடவ காசு கட்டோணுமுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். முதல் வருஷத்துக் காசை நான்தான் கட்டினேன், தப்பு என்னுடையது.