கழுத்தை விட்டு விலகி நின்ற காலர்

கணவருக்குத் தைத்த சட்டையில் காலர் பின்கழுத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகியே நின்றது. கழுத்தளவில் தப்பில்லை, காலருக்கு அடியில் கழுத்தைச் சுற்றி வரும் ஸ்டாண்டை நேர்ப்பட்டையாக வெட்டியதுதான் கோளாறு. கழுத்து மேலே போகப்போகக் குறுகும், நேர்ப்பட்டைக்கோ மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒரே நீளம்.

அடுத்த முறை, சட்டையின் கழுத்தைத் தையல் கோட்டிலேயே அளந்தேன் (வெட்டு விளிம்பில் அளந்தால் குறைவாகக் காட்டும்). பாதி 20 செ.மீ. வந்தது. ஸ்டாண்டின் கீழ்விளிம்புக்கு அந்த நீளத்தில் கோடு போட்டு, பின்நடுவிலிருந்து பாதிவரை நேராகவே விட்டு, அப்புறம் மெல்ல வளைத்து முன்நடுவில் 1.5 செ.மீ. உயர்த்தினேன். வளைத்ததும் கோடு கொஞ்சம் நீளும், டேப்பை அதன் ஓரத்தில் நிறுத்தி வைத்து வளைவோடு மறுபடி அளந்து 20-இல் முன்நடுவைக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டி பட்டனுக்கு 1.5 செ.மீ. சேர்த்தேன். இப்போது மேல்விளிம்பு சற்றுக் குட்டை, காலர் கழுத்தோடு படிகிறது. ரொம்ப உயர்த்தினால் மேல்பட்டன் போடும்போது இறுக்கும்.